ஒரு மாதம் இரண்டு வரிசையில் இருந்தேன்

சட்டை தைத்து முடிந்ததும் அதில் அங்கங்கே நூல் பிசிறு தொங்கும். அதைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பது என் வேலை. ரேணிகுண்டா போகிற சாலையில் இருக்கிற கார்மெண்ட் பேக்டரி. நகரியிலிருந்து கம்பெனி வேன் வரும். ஏறி உட்கார்ந்தால் புத்தூர் தாண்டுவதற்குள் பாதிப் பெண்கள் தூங்கிவிடுவார்கள். நான் தூங்க மாட்டேன். வேனில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது எனக்குப் பிடிக்காது.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். எண் மட்டும் தடுமாறாமல் வரும், தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு அது வராமல் இருக்காது. இதையும் நானே எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். இனிமேல் எனக்கு என்ன அவசரம்?

பேக்டரியில் சேரும்போதே எனக்கு வயதாகிவிட்டிருந்தது. அப்போது ஆள் கிடைக்காத சமயம், எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு கம்பெனிச் சட்டம் மாறிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் வயதைப் பார்ப்பார்கள், நாற்பதைத் தாண்டினால் கேட்டிலேயே அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே இருப்பவர்களை வயதைச் சொல்லிப் போகச் சொல்வதில்லை. அதனால்தான் நான் அங்கே இருந்தேன். என் பிள்ளை, "வீட்ல இருந்தா ஆவாதா?" என்று கேட்பான். ஆகாது என்பேன். என் கை அசைகிற வரைக்கும் என் சோற்றை நான் சம்பாதிப்பேன் என்பது என் வைராக்கியம்.

வருகைப் பதிவுக்கு முன்பு விரல் வைக்கிற மெஷின் இருந்தது. பிசிறு வெட்டுகிறவர்களுக்கு விரல் நுனி தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும், மெஷின் பிடிக்காது. நாங்கள் புடவையில் துடைத்துத் துடைத்து வைப்போம், வரிசை பின்னால் வேன் வரைக்கும் போகும். பிறகு முகம் பார்க்கிற மெஷின் வந்தது. முன்னால் போய் நின்றால் படம் பிடித்து, "தேங்க் யூ" என்று சொல்லும். காலையில் ஒரு தேங்க் யூ, சாயங்காலம் ஒரு தேங்க் யூ. அவ்வளவுதான்.

மெஷினில் விழுந்ததை மாதக் கடைசியில் சம்பளக் கணக்குக்கு எடுப்பார்கள். ஆனால் எங்களுக்கு எதுவும் காட்ட மாட்டார்கள். சம்பளம் வந்தபிறகு, "ரெண்டு நாள் போச்சே சார்" என்று போய் நின்றால், "மெஷின்ல அப்டித்தான் கீது" என்பார்கள். அந்த மெஷினை யார் போய்ப் பார்ப்பது? வேன் வர நேரமாகும், திட்டிக்கொண்டே ஏறி உட்காருவோம்.

அப்போதுதான் வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீசுக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தாள். சித்தூரிலிருந்து வருகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கம்ப்யூட்டரிடம் இங்கிலீஷ். சம்பளம் போடுவதற்கு முன்னாலேயே யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று ஒரே தாளாகப் போட்டுக் கேண்டீன் பலகையில் ஒட்ட வேண்டும், தப்பு இருந்தால் ஜனங்கள் அங்கேயே சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எண்ணம். மேனேஜரும் சரி என்றுவிட்டார். எப்படித் தாள் போட்டால் எங்களுக்குப் புரியும் என்று கேட்க, தொழிலாளர் கமிட்டியில் இருந்த எங்களைக் கூப்பிட்டாள். பிரிவுக்கு ஒரு ஆள். எங்கள் பிரிவுக்கு நான். மேனேஜர் முன்னால் வாய் திறக்கிறவள் நான் ஒருத்திதான் என்று என்னைப் போட்டிருந்தார்கள்.

முதலில் அவள் போன மாதத்து விவரத்தை அப்படியே மெஷினிலிருந்து இறக்கிக் காட்டினாள். பேப்பர் தரை வரைக்கும் தொங்கியது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நாளும் நாலு, ஐந்து நேரம். எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம். கேட்டில் வேன்கள் உறுமுகிற சத்தத்தில் மெஷின் சொல்கிற தேங்க் யூ காதில் விழாது. விழவில்லையே என்று இன்னொரு தரம் போய் நிற்பார்கள். சிலர் மூன்று தரம்.

"இதுல எது வந்தது, எது போனது?" என்று கேட்டேன்.

"அதே கதா என் தலவலி, பெத்தம்மா" என்றாள். என்னை முதல் நாளிலிருந்தே பெரியம்மா முறை வைத்து, தெலுங்கில் பெத்தம்மா என்றுதான் கூப்பிட்டாள். "மெஷினுக்கு உள்ள வர்றதும் தெரியாது, வெளிய போறதும் தெரியாது. மூஞ்சி பாத்த நேரம் மட்டும் எழுதும். ஒண்ணு விட்டு ஒண்ணு உள்ள, வெளியன்னு எடுத்தேன். ஏடாகூடமா ஆயிடுச்சு."

ஏடாகூடம்தான். காலையில் இரண்டு தரம் நின்றவள் வந்த உடனே வீட்டுக்குப் போய்விட்டதாகவும், சாயங்காலம் திரும்பி வந்ததாகவும் காட்டியது. பட்டன் தைக்கிற பிரிவிலிருந்து வந்தவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் எட்டு மணிக்கி வந்து எட்டு மணிக்கே பூட்டேன்னு கீது மேடம். இத்த எங்க ஊட்டுக்காரரு பாத்தா, மிச்ச நேரம் எங்கடி போனேன்னு கேப்பாரு."

அதற்குப் பிறகு டைம் ஆபீஸ் அம்மா வழியை மாற்றினாள். நாளின் முதல் நேரம் வந்தது, கடைசி நேரம் போனது, நடுவில் விழுந்த எல்லாவற்றையும் விட்டுவிடு. ஒரே ஒரு நேரம் மட்டும் இருந்தால், அல்லது எல்லா நேரமும் சில நிமிஷத்துக்குள்ளேயே இருந்தால், ஆள் வரவில்லை என்று போடாதே, கேள்விக்குறி போடு. வந்தவள் போகும்போது நிற்க மறந்திருப்பாள், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து இரவு வேலைக்காரர்கள் வந்து நின்றார்கள். துணி துவைக்கிற பிரிவில் ஆம்பளைகள் இரவு ஷிப்ட். சாயங்காலம் வந்து மறுநாள் காலையில் போகிறவர்கள். நடுராத்திரியில் தேதி மாறிவிடுகிறதே! தாளில் அவர்களுக்குக் காலையில் வந்து சாயங்காலம் போனதாக விழுந்திருந்தது, அவர்கள் தூங்குகிற நேரமெல்லாம் வேலை நேரமாகிவிட்டது. "தூங்கறதுக்குக் கூலி குடுத்தா வாணாமின்னா சொல்லப்போறேன்" என்றான் அந்தப் பிரிவுக்காரன். வந்த தேதி எதுவோ அந்த நாளுக்கே அந்த இரவு சேரட்டும் என்று அவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு வைத்தாள்.

பிறகு நிறம். வந்தவர்களுக்குப் பச்சை, வராதவர்களுக்குச் சிவப்பு, ஞாயிற்றுக்கிழமைக்கு நீலம் என்று கம்ப்யூட்டரில் கோலம் மாதிரி போட்டுவைத்திருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரிண்ட் எடுத்தால் எல்லாம் ஒரே சாம்பல். ஆபீஸ் பிரிண்டர் கறுப்பு மட்டும்தான் அடிக்கும் என்று அவளுக்கு ஞாபகமே வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

"எழுத்துப் போடுங்கோ மேடம்" என்றேன்.

"என்ன எழுத்து? உங்க லைன்ல தமிழ் படிக்கறவங்க, அந்த லைன்ல தெலுகு. ரெண்டும் படிக்காதவங்க வேற."

"இங்கிலீஷ் பி, ஏ போடுங்க. பள்ளிக்கூடத்துக்குப் புள்ளய அனுப்பினவளுக்கெல்லாம் அது தெரியும்" என்றாள் பட்டன்காரி.

அப்படியே ஆயிற்று. வந்தால் பி, வராவிட்டால் ஏ, வார லீவுக்கு டபிள்யூ, பண்டிகைக்கு எச், சொல்லிவிட்டு எடுத்த லீவுக்கு எல். ஆளுக்கு ஒரு வரிசை, தேதிக்கு ஒரு கட்டம். வரிசைக் கடைசியில் ஒவ்வொரு எழுத்தும் எத்தனை என்று கூட்டு. கேள்விக்குறி எல்லாம் கேட்டுத் தீர்ந்தபிறகு, கூட்டெல்லாம் சேர்ந்தால் மாதத்தின் நாள் வர வேண்டும், வராவிட்டால் எங்கேயோ தப்பு. அதுவரைக்கும் எனக்குத் திருப்தி. ஆனால் அவள் இன்னொன்றும் சேர்த்தாள். தொடர்ந்து வராமலே இருக்கிறவர்கள் பெயர் மட்டும் தாளின் அடியில் தனியாக வந்து விழும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவர்களைப் பெரிய ஆபீஸ் பெயர் நீக்க வேண்டும், அதற்கு அவர்கள் கேட்டிருந்தார்களாம்.

அடுத்த மாதத்திலிருந்து நிஜத் தாள் என்று முடிவாயிற்று.

அந்த மாதத்தில்தான் நான் திருமலைக்குப் போனேன். என் மகளுக்கு வயிற்றில் கட்டி எடுத்தபோது, நல்லபடியாக எழுந்து உட்கார்ந்தால் என் முடியைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பெரிய முடி ஒன்றும் இல்லை, என்றாலும் இருந்ததைத் தர வேண்டுமே. லீவு சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொண்டு போய், கல்யாணகட்டத்தில் உட்கார்ந்து முடி இறக்கி, குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு, தரிசனம் முடித்து வந்தேன்.

திரும்பி வேலைக்குப் போன அன்று காலையில் மெஷின் என்னைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு, மறுபடி முயற்சி செய் என்று இங்கிலீஷில் சொன்னது. தலையில் போட்டிருந்த துணியை எடுத்துவிட்டு நின்றேன். அதே சொல். கண்ணாடியைக் கழற்றினேன். அதே சொல். பின்னால் வரிசை வளர்ந்தது.

"யம்மா, சாமிக்கே அடையாளம் தெரிஞ்சிருக்கும், இதுக்குத் தெரியலியே!" என்று பின்னாலிருந்து ஒருத்தி. சிரிப்பு.

கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்காரர் நல்ல மனிதர். "நவுருங்கோ, நவுருங்கோ" என்று வந்து மெஷினில் எதையோ அழுத்தினார். என்னை நேராக நிற்கச் சொன்னார், இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். "இப்போ நில்லு பாக்கலாம்" என்றார். நின்றேன். தேங்க் யூ.

மெஷின் என் மொட்டையைப் பழகிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் தேங்க் யூ தவறியதே இல்லை.

மாதம் முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கேண்டீன் பலகையில் தாளை ஒட்டினார்கள். கூட்டம் மொய்த்தது. எனக்கு அடித்துக்கொண்டு போய்ப் பார்க்கிற வழக்கமில்லை. உட்கார்ந்து சோற்றைச் சாப்பிட்டேன். பட்டன்காரி பலகை முன்னாலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"பெரிம்மா, துன்னுட்டு வா" என்றாள். "இல்ல, இப்பவே வா."

என் எண் எனக்குத் தெரியும். விரலை வைத்து வரிசையைப் பிடித்தேன். மாதத்தின் முதல் பாதியில் பி, பி, பி. நடுவில் லீவுக்கு எல், ஞாயிறுக்கு டபிள்யூ. அதற்குப் பிறகு ஏ. அடுத்ததும் ஏ. விரலை நகர்த்திக்கொண்டே போனேன், ஞாயிறுகளை விட்டால் கடைசிக் கட்டம் வரைக்கும் ஏ. தாளின் அடியில் பார்த்தேன். தொடர்ந்து வராதவர்கள் என்கிற இடத்தில் என் எண்ணும் பெயரும் முதலில் இருந்தன.

"நேத்து எம் பக்கத்துல குந்திக்கினு பிசிறு வெட்னது யாரு, உன் ஆவியா?" என்று எங்கள் பிரிவுப் பெண் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். என் முகத்தில் பயத்தை இவர்கள் பார்க்கக் கூடாது என்று இருந்தது.

கை கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஆள் எடுக்கிற, நீக்குகிற வேலையைப் பார்க்கிற அதிகாரி ஒருவர் உண்டு. சின்ன வயது, மரியாதையாகப் பேசுவார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க வந்துக்கினு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். நானே பாத்தேன். ஆனா நான் பாத்தது பெரிய ஆபீசுக்குச் செல்லாது. இந்தத் தாளுதான் செல்லும்."

"சரி சார், தாள மாத்துங்க."

"மெஷின்ல இல்லாதத நான் எப்டிம்மா எழுதறது? இன்னிக்கி சாய்ங்காலம் ஆறு மணிக்கி லிஸ்ட் போவணும். போச்சுன்னா உங்க பேரு நீக்கம். அப்பறம் திரும்ப சேத்துக்கணும்னா..." என்று நிறுத்தினார்.

"புதுசா சேக்கணும்" என்றேன் நான்.

"ஆமா."

"புதுசா சேத்தா வயசு பாப்பீங்க."

அவர் மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

கெஞ்சலாம். கெஞ்சுகிறவர்களை எனக்குத் தெரியும், தப்பு என்று சொல்ல மாட்டேன். எனக்கு வாயில் வராது. "நான் வந்தேன் சார். அவ்ளோதான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் நின்றேன். வீட்டில் போய் என்ன சொல்வது? அனுப்பிவிட்டார்கள் என்றா? "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று பிள்ளை சொல்வான். அன்பாகத்தான் சொல்வான். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியாது.

அடுத்த அறைதான் டைம் ஆபீஸ். அந்த அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவள் கையில் ஒரு தாள், நெற்றியில் சுருக்கம்.

"பெத்தம்மா, ரண்டி, உள்ள ரண்டி. நானே உங்க செக்ஷனுக்கு வர இருந்தேன்."

உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள். தினமும் காலையில் ஒவ்வொரு பிரிவு சூப்பர்வைசரும், இன்று என்னிடம் இத்தனை பேர் என்று ஆபீசுக்குப் போனில் அனுப்புவார்கள். எத்தனை சட்டை முடியும் என்று கணக்குப் போடுவதற்காக. தன் தாளில் தேதிக்கு எத்தனை பி என்று கீழே கூட்டி, அதை சூப்பர்வைசர் சொன்னதோடு வைத்துப் பார்த்திருக்கிறாள். மாதத்தின் முதல் பாதியில் எங்கள் பிரிவு சரியாக இருந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் குறைந்தது.

"உங்க சூப்பர்வைசர் தப்பா எண்ணிட்டாருன்னு நெனச்சேன். தினமும் அதே ஒரு ஆளா தப்பு வரும்? ஒரு ஆளு உள்ள இருக்கு, பேப்பர்ல இல்ல. அது நீங்கதான். சரி, நீங்க எங்க போனீங்க?"

"நான் எங்கியும் போவல. மலைக்கிப் போய் வந்தேன், அப்பறம் தெனம் வந்துக்கினுதான் கீறேன்."

"மலைக்கா?" அவள் என் தலையைப் பார்த்தாள். துணிக்கு அடியில் முள் முள்ளாக முடி முளைத்திருந்தது. தாளை அடிப்பதற்கு முன்னால் அவள் ஒரு வேலை செய்திருந்தாளாம். மெஷினிலிருந்து இறக்கினால் பெயரில்லாத எண்கள் சில வரும். யாரோ விளையாட்டாக நின்றது, சோதித்துப் பார்த்தது என்று நினைத்து, பெயர் இல்லாதவற்றை எல்லாம் தாளில் வராமல் மறைத்துவிட்டாள். இப்போது அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டரில் கீழே போய்க்கொண்டே இருந்தாள்.

ஒரு எண். பெயர் இடம் காலி. ஆனால் நான் மலையிலிருந்து திரும்பிய நாளிலிருந்து பி, பி, பி. மாதக் கடைசி வரைக்கும்.

"மெஷின்ல போட்டோ இருக்கும்" என்றாள். எதையோ தட்டினாள். படம் வந்தது. சந்தனம் பூசின மொட்டைத் தலை, கண்ணாடி இல்லாத கண், முறைத்துக்கொண்டு ஒரு கிழவி. ஒரு நொடி எனக்கே யார் என்று பிடிபடவில்லை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அய்யோ பெத்தம்மா! நீங்க ரெண்டு பேரு! ஒருத்தி நின்னுட்டா, ஒருத்தி புதுசா சேந்துட்டா!"

எனக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று. முதலில் மூச்சு வந்தது. அதுவரைக்கும் மூச்சை எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை, ஒரு பெரிய மூச்சாக வெளியே வந்தது. பிறகுதான் சிரித்தேன்.

"ரெண்டு பேருன்னா ரெண்டு சம்பளம் போடு" என்றேன்.

செக்யூரிட்டிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள். பழைய எண்ணில் முகத்தை மாற்ற ஆபீஸ் ரகசிய எண் வேண்டும், அது அவரிடம் இல்லை. புது ஆளைச் சேர்க்க அந்த ரகசிய எண் தேவையில்லை. அதனால் புதிதாகச் சேர்த்திருக்கிறார், மெஷின் தானாகவே அடுத்த எண்ணைக் கொடுத்துவிட்டது. "வரிசை நின்னுக்கினு இருந்துச்சு மேடம். மொட்டை போட்டுக்கினு வர்றவங்க எல்லாருக்கும் அப்டித்தான் செய்றேன்."

"எல்லாருக்குமா?" என்று அவள் எழுந்தே விட்டாள்.

பெயரில்லாத மற்ற எண்களையும் திறந்தாள். ஒவ்வொன்றாகப் படம் வந்தது. ஒரு மொட்டை. இன்னொரு மொட்டை. துவைக்கிற பிரிவில் ஒருவன், அயர்ன் பிரிவில் ஒருவன், கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிறவள். ஏழுமலையானுக்குப் பக்கத்தில் பேக்டரி வைத்தால் வேறு என்ன வரும்? அவர்களுக்கு முந்தின மாதம் என்ன சம்பளம் வெட்டினார்களோ, அதையும் பார்க்கிறேன் என்றாள்.

அதிகாரியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். "சிரிங்க சார், பரவால்ல" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு, "லிஸ்ட நிறுத்தி வெக்கறேன்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன்.

என் வரிசையில் பி என்று கையால் எழுதித் திருத்தி அனுப்பிவிடலாம் என்றார் அவர். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த மாசம் கையால எழுதுவேன். அடுத்த மாசம் இன்னொரு மொட்டை வரும், மறுபடி எழுதணும். தாளே சரியா வரணும் சார்." நான் அங்கேயே உட்கார்ந்திருக்க, தன் வேலையைத் தொடங்கினாள். எனக்கு விளங்குகிற மாதிரி பேசிக்கொண்டே செய்தாள்.

மெஷின் கொடுக்கிற எண்ணை நம்பி வரிசை போடுவதுதான் முதல் தப்பு என்றாள். பேக்டரி கொடுத்த எண் ஒன்று இருக்கிறது, சேரும்போது கொடுத்தது, மாறாதது. அதுதான் ஆள். மெஷின் எண் வெறும் முகம். ஒரு ஆளுக்கு இரண்டு முகம் இருக்கலாம். எந்த முகம் எந்த ஆளுடையது என்று பக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல் வைத்தாள். மாதத் தாள் போடும்போது முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்து, எல்லா முகத்தின் நேரத்தையும் ஆளின் பேரில் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் முதல் நேரம், கடைசி நேரம் என்று எடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத எண் வந்தால் மறைக்காமல் தாளின் தலையிலேயே காட்ட வேண்டும். அது காலியாகிற வரைக்கும் தாள் வெளியே போகக் கூடாது. அடியில் விழுகிற தொடர்ந்து வராதவர் பட்டியலும் நேராகப் பெரிய ஆபீசுக்குப் போகாது, அந்தந்த சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டபிறகுதான்.

"அந்தக் கீழ கூட்டற கணக்கு?" என்று கேட்டேன். "சூப்பர்வைசர் சொன்னதோட பாக்கறது?"

"அத வெச்சுதானே உங்கள கண்டுபிடிச்சேன். அது கண்டிப்பா இருக்கும்" என்றாள்.

செக்யூரிட்டிக்காரரையும் விடவில்லை. மொட்டையோ, தாடி எடுத்ததோ, கண்ணாடி மாற்றியதோ, யாருக்கு மெஷின் பிடிக்காவிட்டாலும் வரிசையிலிருந்து விலக்கி உட்கார வைத்து, தனக்கு ஆள் அனுப்ப வேண்டும், தானே வந்து அவரவர் எண்ணிலேயே முகத்தை மாற்றுவேன் என்றாள். அதுவரைக்கும் வந்த நேரத்தைக் கேட் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் காதைச் சொறிந்துகொண்டு, "புரட்டாசி வந்தா பெஞ்சு போடணும் மேடம்" என்றார்.

"போடுங்க" என்றாள்.

இரண்டு வரிசையும் ஒன்றாகச் சேர்ந்த தாளை ஐந்து மணிக்கு முன்னால் அடித்தாள். பிரிண்டரிலிருந்து வரும்போதே என் கையில் கொடுத்தாள், சூடாக இருந்தது. என் எண்ணைப் பிடித்து விரலை ஓட்டினேன். பி, பி, பி. எல். டபிள்யூ. மறுபடி பி. கடைசிக் கட்டம் வரைக்கும் போனேன். ஓரத்தில் இருந்த கூட்டையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

"சரியா இருக்கா பெத்தம்மா?"

"கீது" என்றேன்.

தாளின் அடிக்குப் போனேன். தொடர்ந்து வராதவர்கள் இடத்தில் இரண்டு பெயர் இருந்தன, இரண்டும் நிஜமாகவே நின்றுபோனவர்கள். ஒருத்தி கல்யாணமாகித் திருத்தணிக்குப் போய்விட்டாள். நான் இல்லை.

பலகையில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டியது பட்டன்காரிதான். "எல்லாரும் பாத்துக்குங்கோ, எங்க பெரிம்மா இப்போ ஒரே ஆளு" என்று கத்தினாள். எங்கள் பிரிவுப் பெண், "அந்த மொட்டை நல்லாத்தான் வேலை செஞ்சா, அவள வெச்சிக்கினு இவள அனுப்பியிருக்கலாம்" என்றாள். அவள் முதுகில் ஒன்று வைத்தேன். மேசையில் மிச்சமிருந்த சட்டைகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கத்தரியை எடுத்துப் பிசிறு வெட்டத் தொடங்கினேன்.

சாயங்காலம் மெஷின் முன்னால் போய் நின்றேன், தேங்க் யூ சொன்னது, வேனில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வடமாலப்பேட்டை தாண்டினது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நகரியில் வேன் நின்றதும் தோளைத் தட்டி எழுப்பினார்கள். வாயைத் திறந்துகொண்டு தூங்கினேனாம், ஆளாளுக்குச் சொன்னார்கள். சொல்லட்டும் என்று இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.